1080பி 30 பிரேமா, 720பி 50 பிரேமா? ராஸ்பெர்ரி பை 4-இல் தாமதம் குறைந்த கேமராவுக்கு எதைத் தேர்வது

முன்னால் கேமரா பொருத்திய ஒரு சிறு வண்டி. அடுத்த அறையில் மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி ஒருவர் அதை ஓட்டுகிறார். வண்டி விநாடிக்கு 2 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் காட்சி 200 மில்லி விநாடி பழையது என்றால், அவர் கதவு நிலையைப் பார்க்கும் நேரத்தில் வண்டி அதை நோக்கி ஏற்கெனவே 40 செ.மீ. நகர்ந்திருக்கும். 100 மில்லி விநாடி என்றால் 20 செ.மீ. பிந்தையதைக் கை பழகிவிடும், முந்தையதில் வண்டி நிலையில் மோதும். ஆகவே லென்சில் ஒளி விழுவதிலிருந்து திரையில் அது தெரிவது வரை 100 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொண்டு ஒப்பிடுவோம்.

கையில் இருப்பவை ராஸ்பெர்ரி பை 4, கேமரா மாட்யூல் 3, 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை. போட்டியில் இருப்பவை மூன்று: பலரும் முதலில் எடுக்கும் 1080பி 30 பிரேம், நடுவில் 720பி 50 பிரேம், வேகத்தின் உச்சியில் 720பி 100 பிரேம். நம் பரிந்துரை நடுவில் உள்ளது. ஏன் என்பதை சென்சாரிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். இந்த முடிவை என்கோடரைவிட சென்சார்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

சென்சார் தருவது எது

`rpicam-hello --list-cameras` என்று கொடுத்தால் மாட்யூல் 3-இல் உள்ள `imx708` சென்சாரின் மூன்று பயன்முறைகள் தெரியும். 4608×2592 அளவில் விநாடிக்கு ஏறக்குறைய 14 பிரேம். 2304×1296-இல் 56 பிரேம். 1536×864-இல் 120 பிரேம். முதல் இரண்டும் லென்ஸ் பார்க்கும் முழுக் காட்சியையும் தருகின்றன. மூன்றாவது அப்படியல்ல. அது சென்சாரின் நடுவில் 3072×1728 பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தருகிறது.

அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் கேட்பதற்குச் சிறிய இழப்பாகத் தோன்றும். ஆனால் மாட்யூல் 3-இன் சாதாரண லென்சுக்குக் கிடைமட்டப் பார்வை 66 பாகை. வெட்டிய பிறகு மிஞ்சுவது சுமார் 47 பாகை. ஓட்டுபவருக்கு இரு பக்கச் சுவர்களும் பார்வையிலிருந்து போய்விடும். குழாய் வழியே உலகத்தைப் பார்ப்பது போல் இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. பயன்முறையை நாம் சொல்லாமல் 1280×720 என்று மட்டும் கேட்டால், மென்பொருள் அதற்கு நெருங்கிய அளவான 1536×864-ஐத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். "1080பி-யில் எல்லாம் தெரிகிறது, 720பி-க்கு மாற்றியதும் படம் ஜூம் ஆகிவிடுகிறது" என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுவே. லென்சில் கோளாறு இல்லை. `--mode 2304:1296:10:P` என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் முழுக் காட்சியும் வந்து, பையின் உள்ளேயே 720பி-க்குச் சுருங்கும். அதற்கு விலையாக 56 பிரேமுக்கு மேல் போக முடியாது. 50 போதும் என்பவர்களுக்கு அது விலையே இல்லை.

பிரேம் வீதத்தைக் குறைத்தால் சென்சார் மெதுவாகப் படிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே பயன்முறையில் 30 கேட்டாலும் 50 கேட்டாலும் வரிகளைப் படித்து முடிக்க ஆகும் நேரம் மாறுவதில்லை. இரண்டு பிரேம்களுக்கு இடையில் சும்மா இருக்கும் நேரம் மட்டும் கூடுகிறது. 2304×1296 பயன்முறைக்கு அந்தப் படிப்பு நேரம் அதிகபட்சம் 18 மில்லி விநாடி. 4608×2592-க்கோ கிட்டத்தட்ட 70. "பெரிதாக எடுத்துச் சுருக்கினால் படம் தெளிவாக இருக்குமே" என்று அந்தப் பயன்முறைக்குப் போனால், மற்ற எதையும் செய்வதற்கு முன்பே நம் 100-இல் 70 செலவாகிவிடும்.

நேரம் எங்கே போகிறது

ஒரு பொருள் கேமரா முன் நகர்கிறது. அது அடுத்த பிரேம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாகப் பாதி பிரேம் நேரம். பிறகு எக்ஸ்போஷர், வரிகளைப் படித்தல், நிறத் திருத்தம், என்கோடிங், வை-ஃபை, டிகோடிங், திரை என்று வரிசையாக நேரம் கரைகிறது. பையில் ஒரு பிரேம் முழுவதும் நினைவகத்துக்கு வந்து சேர்ந்த பிறகே அடுத்த கட்டம் அதைத் தொடும். எனவே ஒவ்வொரு கட்டத்தின் நேரமும் மற்றதன் மேல் கூட்டப்படுகிறது.

என்கோடர் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கிட எளிய வழி உண்டு. எச்.264 படத்தை 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. 1080பி பிரேமில் 8,160 கட்டங்கள், 720பி-யில் 3,600. பை 4-இன் வன்பொருள் என்கோடருக்கு அறிவிக்கப்பட்ட திறன் 1080பி 30, அதாவது விநாடிக்கு 2,44,800 கட்டங்கள். அந்த வேகத்தில் ஒரு 1080பி பிரேமுக்கு 33 மில்லி விநாடியும் ஒரு 720பி பிரேமுக்கு 15-உம் ஆகும். நடைமுறையில் சில்லு இதைவிடச் சற்று வேகமாகவே ஓடும். ஆனால் திட்டமிடும்போது அறிவிக்கப்பட்ட எண்ணை நம்புவதே பாதுகாப்பு.

இப்போது கூட்டிப் பார்ப்போம். 1080பி 30-இல் பிரேமுக்குக் காத்திருப்பு 17, பத்து மில்லி விநாடி எக்ஸ்போஷரின் பாதி 5, படிப்பு 18, என்கோடிங் 33. மொத்தம் 73. 720பி 50-இல் காத்திருப்பு 10, எக்ஸ்போஷர் 5, படிப்பு 18, என்கோடிங் 15. மொத்தம் 48. வை-ஃபைக்கும் டிகோடருக்கும் திரைக்கும் இன்னும் எதுவுமே ஒதுக்கவில்லை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு பிரேமைக் காட்டவே 17 மில்லி விநாடிவரை எடுக்கும் என்பதை நினைத்தால், முதல் தேர்வில் மிச்சம் ஏதும் இல்லாமல் போவது தெரியும்.

இதற்கு மேல் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது, அதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. `rpicam-vid` அனுப்பும் வெறும் எச்.264 ஓடையில் "இந்த பிரேம் இங்கே முடிகிறது" என்ற குறி கிடையாது. அடுத்த பிரேமின் தொடக்கக் குறி வந்த பிறகுதான், முந்தையது முடிந்துவிட்டது என்று பெறும் நிரலுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு பிரேமும் டிகோடருக்குப் போகும் முன் ஒரு முழு பிரேம் நேரம் காத்துக் கிடக்கிறது. 30 பிரேமில் 33 மில்லி விநாடி, 50 பிரேமில் 20. இதையும் சேர்த்தால் 106-க்கு எதிராக 68. ஆர்டிபி முறையில் அனுப்பினால் ஒவ்வொரு பிரேமின் கடைசிப் பொட்டலத்திலும் முடிவுக் குறி இருக்கும், பெறும் பக்கம் இந்தக் காத்திருப்பு ஒழியும். ஆனால் `rpicam-vid`-இன் வெளியீட்டைக் குழாய் வழியே ஜிஸ்ட்ரீமருக்குக் கொடுத்து அங்கே ஆர்டிபி ஆக்கினால் பயனில்லை. அனுப்பும் பக்கத்திலேயே `h264parse` அதே காத்திருப்பைச் செய்துவிடும்.

விளக்கொளியும் 50 என்ற எண்ணும்

60 வேண்டாம், 50 என்று சொல்வதற்கு சென்சாரின் 56 வரம்பு மட்டும் காரணமில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை மினுங்கும், அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை. எக்ஸ்போஷர் சரியாக 10 மில்லி விநாடி இருந்தால், படத்தின் எந்த வரியும் ஒரு முழு மினுக்கத்தையும் வாங்கிக்கொள்ளும். வரிகளுக்கிடையே வெளிச்ச வேறுபாடு வராது. 50 பிரேமில் அதற்கு இடம் தாராளமாக உண்டு. 120 பிரேமில் ஒரு பிரேமே 8.3 மில்லி விநாடிதான். எனவே அந்த விளக்கின் கீழ் கருப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும், எந்த அமைப்பாலும் அவற்றை நீக்க முடியாது. அந்தப் பட்டைகள் என்கோடருக்கும் சுமை. அது ஒவ்வொரு பிரேமிலும் அவற்றை மாற்றமாகக் கருதிப் பிட்களைச் செலவிடும்.

வெயிலில் ஓட்டுவதாக இருந்தால் இந்த 10 மில்லி விநாடியைப் பிடித்துவைக்கக் கூடாது. மாட்யூல் 3-இன் லென்ஸ் துளையைச் சுருக்க முடியாது. வெளியே படம் முழுக்க வெள்ளையாக வெளுத்துவிடும். அங்கே `--shutter`-ஐ விட்டுவிட்டுத் தானியங்கிக்கே கொடுத்துவிடுங்கள். சூரியன் மினுங்குவதில்லை.

100 பிரேம் ஏன் வேண்டாம்

எண்களை மட்டும் பார்த்தால் 720பி 100 வெல்கிறது. காத்திருப்பு 5, படிப்பு 8, பெறுமிடக் காத்திருப்பு 10 என்று எல்லாம் சுருங்கி, 720பி 50-ஐவிட 25 மில்லி விநாடிவரை மிச்சமாகும். ஆனால் விநாடிக்கு 3,60,000 கட்டங்கள் என்பது அறிவிக்கப்பட்ட திறனைத் தாண்டியது. `--level 4.2` கொடுக்க வேண்டும், `--denoise cdn_off` கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் `config.txt`-இல் `force_turbo=1` சேர்க்க வேண்டும். அப்படியும் விளிம்பில்தான் ஓடும். என்கோடர் ஒரு கணம் பின்தங்கினால் பிரேம்கள் வரிசையில் தேங்கும் அல்லது விடுபடும். இரண்டில் எது நடந்தாலும் ஓட்டுபவருக்குத் தாமதம் ஒரே அளவாக இருக்காது. 70 மில்லி விநாடி நிலையாக இருந்தால் கை பழகும். 40-க்கும் 90-க்கும் இடையே ஆடினால் பழகாது. இதோடு 47 பாகைப் பார்வையும் சேர்கிறது. கோடு பின்தொடரும் வண்டி, பந்தைத் துரத்தும் கை போல, மனிதர் பார்க்காமல் நிரலே பார்க்கும் வேலைக்கு அந்தப் பயன்முறை அருமையானது. அங்கே என்கோடிங்கே தேவையில்லை, படத்தை நேராக நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

என்கோடிங்: வன்பொருள், மென்பொருள், எம்ஜேபெக்

பை 4-இன் வன்பொருள் எச்.264 என்கோடர் முன்னும் பின்னும் உள்ள பிரேம்களைப் பார்த்து அமைக்கும் பி-பிரேம்களை உருவாக்குவதில்லை. அதனால் பின்வரும் பிரேமுக்காகக் காத்திருக்கும் வழக்கம் அதற்கு இல்லை. தாமதத்துக்கு அதுவே பெரிய நன்மை. `--profile baseline` கொடுத்தால், பிரேம்களை வரிசை மாற்றிக் காட்ட வேண்டியிராது என்பது பெறும் டிகோடருக்கும் தெரிந்துவிடும். சில டிகோடர்கள் அது தெரியாதபோது முன்னெச்சரிக்கையாகச் சில பிரேம்களைத் தேக்கிவைக்கும்.

பை 5 புதியது, வேகமானது, ஆகவே இதற்கும் அதுவே நல்லது என்று வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதில் எச்.264 வன்பொருள் என்கோடர் கிடையாது. `rpicam-vid` அங்கே நான்கு சிபியு கோர்களைக் கொண்டு மென்பொருளில் என்கோட் செய்கிறது. 720பி 50-ஐ அந்தக் கோர்கள் சிரமமின்றித் தாங்கும். ஆனால் `--low-latency` என்ற தெரிவைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் பி-பிரேம்களும் அவற்றுக்கான காத்திருப்பும் வந்துவிடும். அதே பலகையில் பொருள் கண்டறியும் நிரலும் ஓடினால் இரண்டும் அதே கோர்களுக்குப் போட்டியிடும், தாமதம் ஆடத் தொடங்கும். படத்தை அனுப்புவது மட்டுமே வேலை என்றால், இதற்காக பை 4-ஐ விட்டு பை 5-க்கு மாறக் காரணமில்லை.

எம்ஜேபெக் ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாக அனுப்புகிறது. முடிவுக் குறி அதிலேயே உண்டு, ஒரு பொட்டலம் தொலைந்தால் அந்த ஒரு பிரேமோடு இழப்பு முடிந்துவிடும். ஆனால் 720பி பிரேம் ஒன்று 80 கிலோபைட் என்று கொண்டால் 50 பிரேமுக்கு விநாடிக்கு 32 மெகாபிட் ஆகிறது. ஈதர்நெட் கம்பி இருந்தால் கவலையில்லை. ஓடும் வண்டியின் வை-ஃபைக்கு அது பெரும் பாரம்.

ஓட்டும் கட்டளை

```
rpicam-vid -t 0 -n --mode 2304:1296:10:P \
  --width 1280 --height 720 --framerate 50 \
  --shutter 10000 --denoise cdn_off \
  --autofocus-mode manual --lens-position 0.5 \
  --codec h264 --profile baseline \
  --inline --intra 50 --bitrate 4000000 \
  -o udp://192.168.1.20:5000
```

ஃபோகசை 0.5-இல் நிறுத்துவது லென்சை 2 மீட்டர் தொலைவுக்கு அமைப்பது. விட்டுவிட்டால் வண்டி திரும்பும்போதெல்லாம் லென்ஸ் முன்னும் பின்னும் தேடும். படம் மங்குவது ஒரு பக்கம், மொத்தப் படமும் அளவில் அசைவதால் பிட்ரேட்டும் எகிறும்.

மடிக்கணினியில்:

```
ffplay -f h264 -fflags nobuffer -flags low_delay \
  -framedrop -vf "setpts=N/50" udp://@:5000
```

இந்த `setpts` இல்லாமல் பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் நேரும். முதல் விநாடியில் தாமதம் குறைவாக இருக்கும், பத்தாவது விநாடியில் பல விநாடிகளாக வளர்ந்திருக்கும். வெறும் எச்.264 ஓடையில் நேரக் குறிப்பு இல்லாததால் `ffplay` அதை 25 பிரேம் என்று எடுத்துக்கொண்டு, 50 பிரேமாக வருவதைப் பாதி வேகத்தில் காட்டுகிறது. தாமதம் நிலையாக இல்லாமல் வளர்ந்துகொண்டே போகிறதென்றால் கேமராவையோ வை-ஃபையையோ குடைய வேண்டாம், முதலில் பார்க்கும் நிரலைப் பாருங்கள். வேறு நிரல்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வி.எல்.சி. தன் இயல்பு அமைப்பில் 1,000 மில்லி விநாடி நெட்வொர்க் தேக்கம் வைத்துக்கொள்கிறது. அதை மாற்றாமல் அளந்து, கேமராவின் மேல் குறை சொல்பவர்கள் நிறைய.

முழு பிரேம் வரும்போது ஏற்படும் நெரிசல்

4 மெகாபிட்டை 50 பிரேமால் வகுத்தால் ஒரு பிரேமுக்குச் சராசரி 10 கிலோபைட். ஆனால் சராசரி ஏமாற்றும். `--intra 50` என்பதால் விநாடிக்கு ஒரு முறை முழுப் படமும் தனித்து என்கோட் ஆகும் பிரேம் வரும். அது மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரியது. அது 60 கிலோபைட் என்று வைப்போம். வை-ஃபை உண்மையில் 20 மெகாபிட்தான் கொடுக்கிறது என்றால் அந்த ஒரு பிரேம் போய்ச் சேரவே 24 மில்லி விநாடி ஆகும். அதற்குள் அடுத்த பிரேம் வாசலில் வந்து நிற்கும். திரையில் இது விநாடிக்கு ஒரு சிறு விக்கலாகத் தெரியும். விக்கல் சரியாக விநாடிக்கு ஒரு முறை வந்தால் காரணம் இதுதான் என்று நிச்சயிக்கலாம்.

`--intra`-ஐ 150 ஆக்கினால் விக்கல் மூன்று விநாடிக்கு ஒரு முறையாகக் குறையும். பதிலுக்கு, யுடிபி-யில் ஒரு பொட்டலம் தொலைந்தால் படம் கலங்கியபடி மூன்று விநாடிவரை நிற்கும். அதைவிட பிட்ரேட்டை 2.5 மெகாபிட்டுக்கு இறக்குவது நல்லது. தரை கொஞ்சம் குழைந்து தெரியும், கதவு நிலை தெளிவாகவே இருக்கும். கலக்கத்தைத் தவிர்க்க டிசிபி-க்கு மாறுவோரும் உண்டு. தொலைந்ததை டிசிபி திரும்ப அனுப்பும்வரை பின்னால் வருவதெல்லாம் நிற்கும். வண்டியைச் சுவருக்குப் பின்னால் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது பழைய காட்சிகள் ஒன்றும் விடாமல் வரிசையாக வந்து சேரும். ஓட்டுவதற்கு அது உதவாது, பதிவு செய்வதற்கு உதவும்.

அளப்பது

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அளந்தே தீர வேண்டும். ஒரு எல்இடி-யை 330 ஓம் மின்தடையோடு பையின் ஜிபிஐஓ முனையில் இணைத்துக் கேமரா முன் வையுங்கள். எல்இடி-யும் மடிக்கணினித் திரையும் ஒரே சட்டகத்தில் விழும்படி கைப்பேசியை 240 பிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, எல்இடி-யை எரியவிட்டுப் பதிவு செய்யுங்கள். உண்மையான எல்இடி எரிந்ததிலிருந்து திரையில் உள்ளது எரியும்வரை எத்தனை பிரேம் என்று எண்ணி 4.17-ஆல் பெருக்கினால் மில்லி விநாடி கிடைக்கும். 24 பிரேம் என்றால் 100. ஒரு முறை அளந்து நிறுத்தாதீர்கள். எல்இடி எரியும் கணம் பிரேமின் எந்தப் புள்ளியில் விழும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். இருபது முறை எடுத்து, சராசரியோடு மிக மோசமான அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவரைக் காப்பாற்றுவது அந்த மோசமான அளவு.

சராசரி நன்றாக இருந்து, பத்து நிமிடம் ஓடிய பின் அது ஏறினால் `vcgencmd get_throttled` கொடுங்கள். `0x0` வந்தால் பலகைமேல் தவறில்லை. `0x50005` வந்தால் மின்னழுத்தம் குறைந்து, பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. மோட்டார்களும் பையும் ஒரே பேட்டரியில் இருக்கும் வண்டிகளில் மோட்டார் கிளம்பும் கணத்தில் இது அடிக்கடி நேரும். பைக்குத் தனியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் மாற்றி வைத்தால் எண் `0x0`-க்குத் திரும்பும். ஆனால் பழைய நிகழ்வுகளின் குறி மறுதொடக்கம் வரை அழியாது என்பதால், மாற்றியை வைத்த பின் பையை ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டுப் பாருங்கள்.